ஒரு டீச்சர், மூன்று வகுப்பு: பாடக்குறிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் இது புதிதல்ல. செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்த காலத்திலும் பார்த்தோம், 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கிய பிறகும் பார்க்கிறோம். பொருள்கள் மாறினாலும் பாடக்குறிப்பில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அதேதான். ஒரு கணக்குப் பாடவேளையை எடுத்துக்கொண்டு அவற்றைப் பார்க்கலாம்.

வகுப்பில் 14 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றாம் வகுப்பில் 4, இரண்டில் 6, மூன்றில் 4. பாடவேளை 60 நிமிடம்.

முதல் தவறு, அந்த 60 நிமிடத்தை மூன்றாக வெட்டி ஆளுக்கு 20 என்று எழுதுவது. குறிப்பேட்டில் பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் 40 நிமிடம் சும்மா இருக்கும், அல்லது "பார்த்து எழுது" வேலையில் இருக்கும். நானும் முதல் ஆண்டு முழுக்க இப்படித்தான் நடத்தினேன். அந்த 40 நிமிடத்தில் யாரும் எதையும் கற்கவில்லை என்பது அரையாண்டுத் தேர்வில்தான் எனக்குத் தெரிந்தது.

சரி, எல்லோருக்கும் ஒரே செயல்பாடு என்று வைத்தால்? இரண்டாவது தவறு அங்கே வருகிறது. செயல்பாடு ஒன்றாக இருக்கலாம், கேள்வி ஒன்றாக இருக்கக் கூடாது. ஒரே கேள்வியைப் பொதுவில் கேட்டால் மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை சட்டென்று பதில் சொல்லிவிடும். மற்ற 13 பேரும் அதையே திருப்பிச் சொல்வார்கள். சத்தம் நன்றாக வருவதால் பாடம் நடக்கிறது என்று நமக்கும் தோன்றிவிடும்.

என் குறிப்பில் இப்போது செயல்பாட்டுக்கு ஒரு வரி, அதன் கீழே வகுப்புக்கு ஒரு கேள்வி என்று எழுதுகிறேன். ஈர்க்குச்சிக் கட்டுப் பாடத்தில் அது இப்படி இருக்கும். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். என் கையில் பத்துக் குச்சிக் கட்டு ஒன்று, தனிக் குச்சி மூன்று. ஒன்றாம் வகுப்பிடம் கேட்பது: "என் கையில் மொத்தம் எத்தனை குச்சி?" இரண்டாம் வகுப்பிடம்: "கட்டைப் பிரிக்காமல் இதிலிருந்து 5 குச்சி தர முடியுமா?" மூன்றாம் வகுப்பிடம்: "பிரித்த பிறகு குச்சி கூடியதா, குறைந்ததா, அப்படியே இருக்கிறதா?" பத்து நிமிடம் இது போதும். ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்குவது, அதாவது பாடநூல் சொல்லும் இனமாற்றம், இந்த மூன்று கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

பொருளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நூறு குச்சியை மொத்தமாக அள்ளி ஒரே கட்டாகக் கட்டிவிடாதீர்கள். பத்துப் பத்தாகக் கட்டிய பத்துக் கட்டுகளைச் சேர்த்துத்தான் நூறு கட்ட வேண்டும். நூறைப் பிரிக்கும்போது உள்ளே பத்துக் கட்டுகள் இருப்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும். உதிரியாகக் கொட்டினால் பாடமும் அதோடு உதிர்ந்துவிடும். மொத்தம் 475 துண்டு வரை தேவைப்படும். ஒரு ஈர்க்கை ஐந்தாக நறுக்கினால் 95 ஈர்க்கு. பழைய விளக்குமாறு ஒன்றைப் பிரித்துப் பார்த்து, போதாவிட்டால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது தவறுதான் நம்மை அதிகம் களைப்படைய வைப்பது: ஒரே நாளில் மூன்று வகுப்புக்கும் புதிய கருத்து. புதிதாக ஒன்றைக் கற்கும் குழு நம்மை விடாது. மூன்று குழுவும் அப்படி இழுத்தால் எங்கேயும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. ஒரு நாளைக்கு ஒரு வகுப்புக்கே புதியது. மற்ற இரண்டும் ஏற்கெனவே புரிந்ததைத் தாங்களே செய்து பார்க்கட்டும்.

இன்று புதியது இரண்டாம் வகுப்புக்கு என்றால், வட்டம் கலைந்ததும் முதலில் மூன்றாம் வகுப்பை அனுப்பிவிடுகிறேன், ஏனென்றால் அவர்கள் கேள்வி அட்டையைப் படித்துத் தாங்களே தொடங்குவார்கள். இருவர் இருவராக 132-லிருந்து 58-ஐ எடுக்க வேண்டும். அதற்கு ஒரு பத்துக் கட்டையும் நூறையும் பிரித்தாக வேண்டும். அடுத்து ஒன்றாம் வகுப்புக்கு 20 குச்சியும் ரப்பர் பேண்டும். எண் அட்டை 14 வந்தால் ஒரு கட்டு கட்டி, தனியாக 4 வைத்து, சிலேட்டில் எழுத வேண்டும். அப்புறம்தான் நான் இரண்டாம் வகுப்போடு உட்காருகிறேன். மாற்றி, சின்னப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கினால் பெரிய பிள்ளைகள் காத்திருந்து காத்திருந்து சண்டை போட்டுக்கொள்வார்கள்.

நாம் பக்கத்தில் இல்லாதபோது செய்யும் வேலைக்குச் சரிபார்க்கும் வழியும் அதிலேயே இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு அது எளிது. எடுத்த 58-ஐயும் மீந்த 74-ஐயும் மறுபடி சேர்த்துக் கட்டினால் ஒரு நூறு, மூன்று பத்து, இரண்டு தனி வர வேண்டும். வராவிட்டால் தவறு என்று அவர்களுக்கே தெரியும். முடித்தவர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் குறிப்பில் ஒரு வரி வேண்டும். இந்த இரண்டும் விட்டுப்போனால் எப்படித் தெரியும்? பத்து நிமிடத்துக்குள் "டீச்சர், முடிச்சிட்டேன்" என்று உங்களைச் சுற்றி வரிசை நிற்கும்.

கடைசியாக, அதிகம் பேர் கவனிக்காத ஒரு தவறு. கணக்குக்கு எண்ணைத் தேர்ந்தெடுப்பது. இரண்டாம் வகுப்புக்கு நான் முதலில் 42 − 17 கொடுத்துக்கொண்டிருந்தேன். சரியான விடை 25. பல சிலேட்டுகளில் 35 இருக்கும். எல்லோருக்கும் ஒரே குழப்பம் என்று எண்ணி, எல்லோருக்கும் கட்டைப் பிரிப்பதையே திரும்பத் திரும்பக் காட்டினேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து குச்சியைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு பிள்ளை கட்டைத் தொடவே இல்லை. 2-ல் 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று போட்டிருந்தது. இன்னொரு பிள்ளை கட்டைச் சரியாகப் பிரித்து 12-லிருந்து 7 எடுத்து 5 போட்டது, ஆனால் பத்துகளில் ஒன்று குறைந்ததை எழுத மறந்துவிட்டது. இரண்டு வேறு தவறுகள், விடை மட்டும் ஒன்று.

ஒரே வகுப்பு நடத்துபவர் இதை எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார். நமக்கு ஒவ்வொரு பிள்ளையிடமும் நிற்க நேரம் இல்லை, அதனால் சிலேட்டே நமக்குச் சொல்ல வேண்டும். இப்போது 43 − 17 கொடுக்கிறேன். சரியான விடை 26. தலைகீழாகக் கழித்த பிள்ளைக்கு 34 வரும். பத்தைக் குறைக்க மறந்த பிள்ளைக்கு 36 வரும். எழுந்து ஒரு சுற்று வந்தாலே போதும். 34 போட்டவர்களை மறுநாள் வட்டத்தில் என் பக்கத்தில் உட்கார வைத்து, கட்டை அவர்கள் கையாலேயே பிரிக்க வைப்பேன். 36 போட்டவர்களுக்குக் குச்சி தேவையில்லை. ஒரு கட்டைப் பிரித்ததும் பத்துகளில் உள்ள 4-ஐ அடித்து மேலே 3 என்று எழுதும் பழக்கம்தான் வேண்டும்.

பாடவேளையின் கடைசி 15 நிமிடம் மறுபடி எல்லோரும் வட்டத்தில். இரண்டாம், மூன்றாம் வகுப்பு பிரித்துப் போட்ட குச்சிகளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணுவார்கள். ஒரு கட்டில் ஒன்பதுதான் இருக்கிறது என்று நான்கு பேரில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். விடுபட்ட அந்த ஒரு குச்சியை 14 பேரும் பாய்க்கு அடியில் தேடுவார்கள்.