முப்பதாவது கிலோமீட்டருக்குப் பின் சொல்ல மூன்று வாசகங்கள்: தயாரிக்கும் முறை

என் முதல் மாரத்தானில் 12-வது கிலோமீட்டரிலிருந்தே "என்னால் முடியும், என்னால் முடியும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஓடினேன். 33-இல் நடக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த இடத்தில் உள்ளே நடந்தது இதுதான்: நான் "என்னால் முடியும்" என்றேன், உடனே "எங்கே, முடியவில்லையே" என்று பதில் வந்தது. கால் சொன்னது உண்மை, வாய் சொன்னது பொய். விவாதத்தில் கால் ஜெயித்தது.

அதற்கு அடுத்த மாரத்தானில் மூன்றே மூன்று வாசகங்களை முன்கூட்டியே செதுக்கி வைத்துக்கொண்டு போனேன். ஒரு இடத்தில்கூட நடக்கவில்லை. அந்த மூன்றை எப்படி உருவாக்கினேன் என்பதை எழுதுகிறேன். நீங்கள் ஏற்கெனவே பயிற்சித் திட்டம் ஒன்றில் இருக்கிறீர்கள், நீண்ட ஓட்டங்கள் ஓடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஜெல், தண்ணீர் பற்றி இங்கே பேசப்போவதில்லை. ஒன்று மட்டும்: தசையில் மாவுச்சத்து தீர்ந்துவிட்டால் எந்த வாசகமும் அதை நிரப்பாது. அந்த வேலையைச் சாப்பாடுதான் செய்ய வேண்டும்.

படி 1: உங்கள் மனது உண்மையில் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்

வாசகத்தை இணையத்தில் தேடாதீர்கள். நீண்ட ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், குளிக்கப் போவதற்கு முன்னால், கடைசி ஐந்து கிலோமீட்டரில் உள்ளே கேட்ட குரலை அப்படியே எழுதுங்கள். குளித்துவிட்டு வந்தால் பாதி மறந்துவிடும், மீதி நாகரிகமாகிவிடும். என் குறிப்பில் இருந்தவை இவை:

- "ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது?"
- "யார் உன்னை இதையெல்லாம் செய்யச் சொன்னது?"
- "இன்னும் இவ்வளவு தூரமா?"

மூன்றும் வேறு வேறு புகார்கள். முதலாவது உடம்பைப் பற்றியது, இரண்டாவது காரணத்தைப் பற்றியது, மூன்றாவது தூரத்தைப் பற்றியது. ஒரே வாசகத்தை வைத்து மூன்றுக்கும் பதில் சொல்லப் பார்த்ததுதான் என் பழைய தவறுகளில் பாதி.

படி 2: ஒவ்வொன்றுக்கும் பதில், அதுவும் கட்டளையாக

நான் அதிகம் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

"என்னால் முடியும்" என்பது ஒரு கூற்று. கூற்று என்றால் மறுக்கலாம். "கால் எடு" என்பது கட்டளை. அதைப் பொய் என்று யாராலும் சொல்ல முடியாது. காலை எடுக்கலாம், எடுக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான். களைத்த மூளையோடு வாதாடாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு லாபமும் இருக்கிறது. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சைக்கிள் ஓட்டுகிறவர்களை 10 கிலோமீட்டர் தூரத்தை முடிந்த அளவு வேகமாக ஓட்டச் சொன்னார்கள். ஒரு முறை தனக்குத்தானே "நான்" என்று பேச வேண்டும், இன்னொரு முறை "நீ" என்று பேச வேண்டும். "நீ" என்று பேசியபோது வேகம் கூடியது, ஆனால் கூடுதலாகச் சிரமப்பட்டதாக அவர்கள் உணரவில்லை. நமக்கு இதில் ஒரு வசதி. தமிழில் ஏவல் வினைக்குள்ளேயே "நீ" உட்கார்ந்திருக்கிறது. "ஓடு" என்றாலே "நீ ஓடு" என்றுதான் பொருள். ஒரு அசைகூடக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம்.

எதிர்மறைக் கட்டளை மட்டும் வேண்டாம். "நிற்காதே" என்பதை நான் ஒரு பயிற்சியில் முயன்று பார்த்தேன். தமிழில் மறுப்பு சொல்லின் கடைசியில்தான் வருகிறது. மூச்சு வாங்கும்போது "நிற்" என்பது பலமாகக் கேட்கிறது, "காதே" காற்றோடு போய்விடுகிறது. எதைச் செய்யக் கூடாது என்பதற்குப் பதிலாக எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படித்தான் என் மூன்று பதில்களும் வந்தன. கனமாக இருக்கிறது என்ற புகாருக்கு: தோள் விடு, கால் எடு. களைத்தால் தோள் காதுவரை ஏறிவிடும், அடி இழுபடும். அந்த இரண்டையும் இது நேராகத் திருத்துகிறது.

யார் செய்யச் சொன்னது என்ற கேள்விக்கு: நீ கேட்டது இது. இது கட்டளை அல்ல என்று நீங்கள் கேட்கலாம். சரிதான், ஆனால் மறுக்க முடியாத உண்மை. பணம் கட்டிப் பெயர் கொடுத்தது நான்தானே.

தூரத்தைப் பற்றிய புலம்பலுக்கு: அடி மேல் அடி வை. அம்மியை நகர்த்தும் பழமொழியிலிருந்து வெட்டி எடுத்தது. அங்கே அடி என்றால் அடிப்பது, இங்கே காலடி. முழுப் பழமொழியையும் சொல்லிப் பார்த்தேன், அம்மி வருவதற்குள் மூச்சு போய்விடுகிறது.

படி 3: காலடிக்குப் பொருத்துங்கள்

பள்ளியில் படித்த நேரசை, நிரையசை இங்கே உதவும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு அசைக்கு ஒரு காலடி என்று வைத்துக்கொள்ளுங்கள். "அடி / மேல் / அடி / வை": நான்கு அசை, நான்கு காலடி. "தோள் / விடு / கால் / எடு": நான்கு. "நீ / கேட் / டது / இது": நான்கு.

ஏன் நான்கு? கடைசிக் கட்டத்தில் பலருக்கும் மூச்சு இரண்டு காலடிக்கு உள்ளே, இரண்டு காலடிக்கு வெளியே என்ற கணக்கில் வந்து நிற்கிறது. நான்கு அசை வாசகம் ஒரு முழு மூச்சுக்குள் சரியாக அடங்கும். உங்கள் மூச்சு மூன்றுக்கு மூன்று என்றால் ஆறு அசையில் செய்துகொள்ளுங்கள். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தால் எல்லா வாசகமும் பொருந்துவது போலத்தான் இருக்கும். களைத்த கால்களோடு ஓடிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

(நியாயமாகச் சொன்னால், "என்னால் முடியும்" கூட நான்கு அசைதான். அதன் கோளாறு தாளத்தில் இல்லை.)

படி 4: ஒத்திகை

2014-இல் ஆன்டனி பிளான்ச்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு ஒன்று இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுவது. 24 பேரை ஒரே கடினத்தில், முடியாமல் போகும்வரை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். பிறகு ஒரு பாதிப் பேர் தங்களுக்கான வாசகங்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் பயிற்சியில் பயன்படுத்தினார்கள். திரும்ப மிதித்தபோது அவர்களுடைய சராசரி நேரம் 637 நொடியிலிருந்து 751 நொடியாகக் கூடியது. மற்றவர்களிடம் அப்படி ஒரு மாற்றம் இல்லை. இதில் நான் பிடித்துக்கொண்டது அந்த இரண்டு வாரத்தைத்தான். போட்டிக்கு முந்தின இரவு கண்டுபிடித்த வாசகம் 35-வது கிலோமீட்டரில் நினைவுக்கே வராது.

என் முறை: நீண்ட ஓட்டங்களின் கடைசி ஐந்து கிலோமீட்டரில் மட்டும் சொல்வது. சுகமாக ஓடும்போது சொன்னால் அது வெறும் பாட்டாகிவிடும். களைப்பும் அந்தச் சொல்லும் ஒன்றாகவே பழக வேண்டும்.

படி 5: போட்டி நாள்

என் பங்கீடு இப்படி இருந்தது. 30 வரை எதுவும் இல்லை, வாயை மூடிக்கொண்டு ஓட்டம். 30 முதல் 35 வரை "தோள் விடு, கால் எடு". 35 முதல் 40 வரை "நீ கேட்டது இது". மிச்சமிருக்கும் 2.195 கிலோமீட்டருக்கு "அடி மேல் அடி வை".

27-இலேயே கை அரித்தது, சொல்லிவிடலாமா என்று. சொல்லவில்லை. சீக்கிரம் எடுத்துவிட்டால் தேவைப்படும் நேரத்தில் தேய்ந்துபோயிருக்கும்.

கடைசி வாசகத்தை எண்ணிக்கையோடு சொன்னேன். நிமிடத்துக்கு 165 காலடி, கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 1155 காலடி. நான்கால் வகுத்தால் ஏறக்குறைய 290 முறை. ஆக, நூறு முறை சொல்வதை மூன்று தடவை செய்தால் ஒரு கிலோமீட்டர் முடிந்தது. பத்து முறைக்கு ஒரு விரலை மடக்கினேன். உங்கள் எண்ணிக்கை தெரிய, 30 நொடிக்கு வலது கால் எத்தனை முறை படுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 2003-இல் லண்டனில் 2:15:25-இல் ஓடி உலக சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃபும் கடினமான நேரங்களில் எண்ணுகிறவர்தான். மூன்று முறை நூறு எண்ணினால் ஒரு மைல் என்பது அவர் கணக்கு.

38-இல் "நீ கேட்டது இது" நின்றுபோனது. கோபமாகத்தான் வந்தது, "ஆமாம், கேட்டேன், அதற்கு என்ன?" என்று. உடனே முதல் வாசகத்துக்குத் திரும்பினேன். மனதுக்குச் சொன்னது வேலை செய்யாதபோது உடம்புக்கு வேலை கொடுப்பது என்பது அப்போது கற்றது. 40-வது கிலோமீட்டர் பலகை வரை அதையே ஓட்டினேன்.

எழுதி வைத்துக்கொள்வது பற்றி: பால்பாயின்ட் பேனாவால் கையில் எழுதினேன், 20-க்குள் வியர்வையில் கரைந்தது. மணிக்கட்டில் ஒட்டும் துணி டேப்பில் மார்க்கரால் எழுதுவதுதான் சரி. எழுத்து உங்கள் பக்கம் பார்த்திருக்க வேண்டும். முதல் தடவை நான் எதிரே வருகிறவர் படிக்கும்படி எழுதியிருந்தேன்.

பின்னர் சேர்த்தவை

முதலில் என் வாசகம் "தோள் தளர், கால் எடு" என்று இருந்தது. தளர் என்றால் சோர்ந்து போ என்றும் பொருள் வருமே, களைத்தவனுக்கு இதைச் சொல்லலாமா என்று ஒரு வாசகர் கேட்டார். அடுத்த ஓட்டத்திலேயே எனக்கும் அப்படித்தான் கேட்டது! "விடு" என்று மாற்றிவிட்டேன். எதுகைக்கும் அதுவே மேல்.

பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓடினால் வாசகம் மனதில் நிற்கவில்லை என்று இரண்டு பேர் எழுதினார்கள். பாட்டின் தாளமும் காலடியும் வேறாக இருந்தால் நிற்காது. நான் 30-இல் இயர்போனைக் கழற்றிவிடச் சொல்வேன்.

சத்தமாகச் சொல்லலாமா? மூச்சு வெளியே போகும் இரண்டு அசையை மட்டும், "அடி வை" என்று. முழுவதையும் சொன்னால் மூச்சு குழம்பும்.

அரை மாரத்தான் ஓடுபவர்கள் 16-இல் தொடங்கினால் போதும், வாசகமும் இரண்டு போதும்.

ஒருவர் முழங்கால் குத்தலோடு வாசகத்தைச் சொல்லியே ஆறு கிலோமீட்டர் ஓடியதாகப் பெருமையாக எழுதியிருந்தார். வேண்டாம். இந்த வாசகங்கள் களைப்புக்கு மட்டும். ஒரே இடத்தில் குத்தும் வலி, நொண்டவைக்கும் வலி, நெஞ்சு வலி, தலைசுற்றல், வெயிலில் குளிர்வது போன்ற சிலிர்ப்பு, எந்தக் கிலோமீட்டரில் இருக்கிறோம் என்ற குழப்பம் இவற்றில் ஒன்று வந்தாலும் நின்று மருத்துவ உதவிக் கூடாரத்தைத் தேடுங்கள். நான்கு அசை வாசகம் திடீரென்று வாயில் குழறினாலும் அதைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.