ஏணியின் படத்தைப் பார்த்து எடை சொல்பவர்கள் செய்யும் தவறுகள்

ஏணி, சாரப் படங்களைப் பார்த்து அவை எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்வது எங்கள் வேலை. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஒரு படத்தை என்னிடம் காட்டினான். பச்சை நிற ஃபைபர் மடக்கு ஏணி. பக்கச் சட்டத்தில் ஒட்டிய லேபிளின் ஓரம் கிழிந்து, மிச்சமிருந்த இடத்தில் 225 என்ற எண் மட்டும் தெரிந்தது. "அண்ணே, 225 கிலோ தாங்கும். ரெண்டு பேர் ஏறலாம்னு சொல்லிடவா?" என்றான். எனக்கு ஒரு நிமிடம் வயிறு கலங்கிவிட்டது. பல வருடங்களுக்கு முன்னால் இதே எண்ணைப் பார்த்து இதே பதிலை நானும் ஒருவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மங்கலான படம், உடைந்த படி, துருப்பிடித்த ஆணி, இவையெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியும். அவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நன்றாகத் தெரிகிற படத்தையே தப்பாகப் படிப்பதுதான் என் கவலை.

எண்ணைப் படித்துவிட்டு அலகை விடுவது

அன்று என்னிடம் கேட்டவர் ஒரு பிளம்பர். சுவரில் வாட்டர் ஹீட்டர் மாட்ட வேண்டும், கையில் இருக்கும் ஏணி போதுமா என்று கேட்டுப் படம் அனுப்பியிருந்தார். லேபிளில் 225 என்று தெளிவாக இருந்தது. 225 கிலோ என்று நானே நினைத்துக்கொண்டு, தாராளமாக ஏறுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அது பவுண்டு. அமெரிக்கத் தரப்படி செய்த ஏணி, லேபிளில் அதன் வகை `Type II`. 225 பவுண்டு என்பது 102 கிலோ. பிளம்பரின் எடை 84 கிலோ. இடுப்புப் பட்டையும் கருவிகளும் சேர்ந்து 7 கிலோ. தோளில் இருந்த ஹீட்டர் 22 கிலோ. மொத்தம் 113 கிலோ. நான் பாதிதான் என்று நினைத்த சுமை, உண்மையில் அனுமதித்த அளவைவிட 11 கிலோ அதிகம்.

ஏணி உடனே உடையவில்லை. இந்தத் தவறு இத்தனை காலம் பிடிபடாமல் ஓடுவதற்குக் காரணமே அதுதான். லேபிளில் போட்டிருக்கும் எடையைப்போல் பல மடங்கு ஏற்றிச் சோதித்த பிறகுதான் ஏணி விற்பனைக்கு வருகிறது. அதனால் கொஞ்சம் அதிகம் ஏற்றினாலும் முதல் நாள் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தச் சோதனை புது ஏணிக்கு, சமதளத்தில், அசையாத சுமையோடு நடப்பது. வேலை நடக்கும் இடத்தில் ஒரு கால் அரை விரற்கடை தூக்கிக்கொண்டிருக்கும். ஆள் ஒரு பக்கம் சாய்ந்து துளை போடுவார். நான்கு கால்களில் பரவ வேண்டிய சுமை இரண்டு கால்களில் இறங்கிவிடும். பிளம்பர் ஹீட்டரைக் கொக்கியில் மாட்டச் சாய்ந்தபோது முன் சட்டம் முறுக்கிக்கொண்டது, கீழ்ப் படியைத் தாங்கும் சின்னக் கம்பி வளைந்தது. அவர் குதித்துத் தப்பினார். குதிகால் எலும்பில் கீறல். ஹீட்டர் சிதறிப்போனது. ஹீட்டருக்கும் ஏணிக்கும் நான் பணம் கொடுத்தேன், அவருடைய குதிகாலுக்கு என்னால் எதுவும் கொடுக்க முடியவில்லை. இன்றும் யாராவது வெறும் எண்ணை மட்டும் வாசித்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, அலகு கிழிந்துபோயிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்தில் வகையைக் குறிக்கும் ரோமன் எழுத்து இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். `IAA` என்றால் 375 பவுண்டு, அதாவது 170 கிலோ. `IA` என்றால் 300 பவுண்டு, 136 கிலோ. `I` 250 பவுண்டு, 113 கிலோ. `II` 225 பவுண்டு, 102 கிலோ. `III` 200 பவுண்டு, 91 கிலோ. எழுத்தும் போய்விட்டதா? ஒருவர் ஏறும் சாதாரண ஏணியில் 200, 225, 250, 300, 375 ஆகிய எண்களில் ஒன்று தெரிந்தால், வேறு சான்று கிடைக்கும்வரை அதைப் பவுண்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மனக்கணக்கு சுலபம்: பாதியாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் கிட்டத்தட்ட கிலோ வந்துவிடும். 225-இல் பாதி 112, அதில் 11 போனால் 101.

ஐரோப்பியத் தரமான `EN 131` உள்ள ஏணியில் கிலோவே போட்டிருக்கும், பெரும்பாலும் 150. அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. 2018-இல் நடைமுறைக்கு வந்த மாற்றத்துக்குப் பிறகு அந்தத் தரத்தில் இரண்டு பிரிவுகள்: தொழிலுக்கானது, வீட்டு உபயோகத்துக்கானது. இரண்டிலும் 150 கிலோ என்றுதான் இருக்கும். ஆனால் தினமும் ஏறி இறங்கும் தேய்மானத்துக்கு முதல் வகையை மிகக் கடுமையாகச் சோதிக்கிறார்கள். ஆகவே 150 என்று படித்ததோடு நிற்காமல், லேபிளில் `Professional` என்று இருக்கிறதா, `Non-Professional` என்று இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். முந்தைய பிரிட்டிஷ் ஏணிகளில் இரண்டு எண்கள் இருக்கும்: வேலை செய்யும்போது ஏற்றலாம் என்று சொல்வது ஒன்று, உச்ச நிலைச்சுமை மற்றொன்று. தொழில் வகையில் அவை 130, 175. புதியவர்களின் கண் பெரிய எண்ணுக்குத்தான் போகும். ஏறப்போகிறவர் பார்க்க வேண்டியது சின்ன எண்ணை.

அப்புறம், எந்த அலகாக இருந்தாலும் அந்த எண் ஆளின் எடை மட்டும் அல்ல. ஆள், உடை, காலணி, கருவி, கையிலும் தோளிலும் இருப்பது, ஏணித் தலையில் வைத்த பெயின்ட் வாளி, எல்லாம் சேர்ந்துதான் அதற்குள் அடங்க வேண்டும்.

நிறத்தை நம்புவது

ஆரஞ்சு என்றால் 300, நீலம் என்றால் 250, பச்சை என்றால் 225, சிவப்பு என்றால் 200 என்று ஒரு வாய்ப்பாடு சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கச் சந்தையில் பல தயாரிப்பாளர்கள் அப்படிப் பழக்கம் வைத்திருப்பது உண்மைதான். ஆனால் அது பழக்கம் மட்டுமே, தரம் விதித்த கட்டாயம் இல்லை. இன்னொரு தயாரிப்பாளர் வேறு நிறம் பூசலாம். ஃபைபர் ஏணி வெயிலில் கிடந்தால் சிவப்பு வெளுத்து ஆரஞ்சாகத் தெரியும். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் எந்த நிறத்துக்கும் உத்தரவாதம் இல்லை.

நிறம் வெளுத்திருப்பதைப் பார்த்தால் அதிலிருந்து வேறொரு கேள்வி எழ வேண்டும். மேல் பிசின் அரித்துப்போய், சட்டத்தில் நார் நாராக, தொட்டால் கையில் முள்ளாகக் குத்துவதுபோல் தெரிகிறதா? அப்படியானால் லேபிள் புதிதாகவே இருந்தாலும் அந்த எண்ணை அப்படியே சொல்ல மாட்டேன். நேரில் பார்க்கும்வரை ஏற வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

லேபிள் ஒரு படத்தில், ஏணி இன்னொரு படத்தில்

இரண்டும் ஒரே ஏணிதான் என்று எப்படித் தெரியும்? நீட்டும் ஏணிகளை அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் பக்கத்து ஏணியின் லேபிளைப் படம் பிடித்து அனுப்புவது சகஜம். ஒன்றின் மேல்பாகத்தை இன்னொன்றின் கீழ்பாகத்தில் செருகியிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நான் படிகளை எண்ணுவேன். அமெரிக்க நீட்டும் ஏணியில் படிக்குப் படி ஓர் அடி இடைவெளி. 24 அடி ஏணி என்று லேபிள் சொன்னால், ஒவ்வொரு பாகமும் 12 அடி, பாகத்துக்கு 12 படி இருக்க வேண்டும். படத்தில் கீழ்பாகத்தில் 12, மேல்பாகத்தில் 10 வந்தால் கேள்வி கேட்க வேண்டிய நேரம் அது. ஐரோப்பிய ஏணிகளில் இடைவெளி கொஞ்சம் குறைவு, பெரும்பாலும் 28 சென்டிமீட்டர். அங்கே அடிக்கணக்கு ஒத்துவராது. லேபிளும் சட்டமும் படியும் ஒன்றாகத் தெரிகிற ஒரு படம் கேட்டு வாங்குவதுதான் நல்லது.

சாரத்தில் குழாயைப் பார்ப்பது

குழாயை வைத்துச் சாரத்தின் வகையைச் சொல்ல முடியாது. பெரும்பாலானவை ஏறக்குறைய 48 மில்லிமீட்டர் குழாய்தான். மூட்டுகளைப் பாருங்கள். நிற்கும் குழாயில் அரை மீட்டருக்கு ஒருமுறை கிண்ணம்போல் பற்றவைத்து, மேலே இன்னொரு கிண்ணம் நகர்ந்து வந்து பூட்டினால் அது கப்லாக். எட்டுத் துளை உள்ள வட்டத் தகடும் அதில் அடித்து இறக்கிய ஆப்பும் தெரிந்தால் ரிங்லாக். பற்றவைத்த சட்டங்களுக்கு நடுவே பெருக்கல் குறிபோல் கம்பிகள் போனால் ஹெச் ஃப்ரேம்.

எடை விஷயத்தில் தவறு வருவது பலகையில் பொறித்த எண்ணால். சாரத்தில் கிலோ இருக்காது, `kN/m²` இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று பொருள். ஐரோப்பிய வகுப்பு 3 என்றால் 2 `kN/m²`, சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. இரண்டு கால்களுக்கு நடுவே 2.5 மீட்டர் நீளம், 0.73 மீட்டர் அகலம் உள்ள தளம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 1.8 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், தாங்கும் அளவு 370 கிலோ. இரண்டு கொத்தனார்கள் கருவிகளோடு 180 கிலோ என்றால் மிச்சம் 190 கிலோ. ஒரு செங்கல் 3 கிலோ என்றால் 60 கல்லுக்குத்தான் இடம். அந்த 60 கல்லையும் பரப்பி வைக்க வேண்டும், நடுவில் குவிக்கக் கூடாது. எனக்கு வந்த ஒரு படத்தில் அப்படிப்பட்ட தளத்தில் குறைந்தது 200 கல் ஒரே மூலையில் இருந்தன. 600 கிலோ. பலகையில் வகுப்பு 3 என்று பொறித்திருப்பதை வட்டமிட்டுக் காட்டி, "தாங்கும்தானே?" என்று கேட்டிருந்தார்கள்.

இன்னொன்று, பலகையில் பொறித்திருப்பது அந்தப் பலகைக்கு மட்டுமே. கீழே கால் நிற்கும் மண், சுவரோடு பிணைத்த கட்டு, எத்தனை தளங்களில் ஒரே நேரத்தில் ஆள் நிற்கிறார்கள் என்பது, இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டவர் எழுதியது ஏறும் இடத்தில் தொங்கும் அட்டையில் இருக்கும். படம் அனுப்புகிறவரிடம் நான் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.

குறியே இல்லாத ஏணி

எடை சொல்லாதீர்கள்.