பார்சல் "Held" என்று காட்டினால்: பலரும் செய்யும் தவறுகள்

தீபாவளி நெருங்கும்போது சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து சேலையும் வேட்டியும் வரத் தொடங்கும். கூடவே ஒரு பதற்றமும் வந்துவிடும். கைப்பேசியில் "Held" என்ற சொல்லைப் பார்த்ததுமே கஸ்டம்ஸ் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

முதல் தவறு, சொல்லை மட்டும் படித்துவிட்டு ஊரின் பெயரைப் படிக்காமல் விடுவது. "Held at hub" என்பது கூரியர் நிறுவனத்தின் தரம்பிரிக்கும் கூடத்தைக் குறிக்கிறது. அடுத்த விமானத்துக்கோ லாரிக்கோ காத்திருக்கலாம், முகவரி தெளிவில்லாமல் இருக்கலாம், ஏதாவது தாள் வரவேண்டி இருக்கலாம். அந்த வரியில் சென்னை, துபாய், சிங்கப்பூர் என்று இருந்தால் பார்சல் இன்னும் மலேசியாவுக்குள் வரவே இல்லை; நம் சுங்கத் துறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊர் சிப்பாங் என்றோ KLIA என்றோ இருந்தால்தான் கஸ்டம்ஸைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தபால் வழியாக வந்தால் சொற்கள் வேறு மாதிரி இருக்கும். பார்சல் எண் EE-யில் தொடங்கி IN என்று முடிந்தால் இந்தியாவில் போட்ட ஸ்பீட் போஸ்ட். அதே எண்ணை போஸ் மலேசியா பக்கத்திலும் போட்டுப் பாருங்கள். இந்தியப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இங்கே நடப்பது பாதிதான் தெரியும். "Presented to import customs" என்றால் பார்சலை அதிகாரி முன் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து வரும் பார்சலுக்கு இது வழக்கமான நடை. "Held by import customs" என்றால்தான் ஒரு காரணம் இருக்கிறது: விலைப் பட்டியல் இல்லை, பொருள் விவரம் போதவில்லை, வரி கட்ட வேண்டும், அல்லது அனுமதி தேவைப்படுகிறது. பூச்செடி விதை என்றால் மக்கிஸ் எனப்படும் தனிமைப்படுத்தல் துறையின் அனுமதி இல்லாமல் நகராது. கடைசியில் "Departure from inward office of exchange" என்று வந்துவிட்டால் கஸ்டம்ஸ் வேலை முடிந்தது.

வரியில்தான் கணக்கு அதிகம் தப்புகிறது. விமானம் வழி வரும் பொருளுக்கு 500 வெள்ளி வரை இறக்குமதி வரி இல்லை. மதுவும் புகையிலையும் இதில் சேராது. ஆனால் அந்த 500 பொருளின் விலை மட்டுமல்ல, அனுப்பும் கட்டணமும் காப்புறுதியும் சேர்த்த மதிப்பு. சித்தி 450 வெள்ளி மதிப்புள்ள பட்டுச்சேலையை 75 வெள்ளி செலவில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 525. வரம்பைத் தாண்டிவிட்டது. வீட்டிலோ, "சேலை 450 தானே, எதற்கு நிறுத்தினார்கள்?" என்று குழம்புவார்கள். அதே சேலை 400 வெள்ளியாக இருந்தால் 475-இல் நின்றிருக்கும். (2024 ஜனவரி முதல் 500 வெள்ளிக்குள் வரும் பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அது இணையத்தில் விற்கும் பதிவுபெற்ற விற்பனையாளர் வசூலிப்பது. சித்தி அனுப்பும் பரிசுக்குப் பொருந்தாது.)

அதற்காக விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். கடை ரசீது உள்ளே இருந்து, மேலே வேறு தொகை எழுதியிருந்தால் அதுவே நிறுத்தி வைக்கக் காரணமாகிவிடும். வெறும் "Gift" என்று எழுதுவதும் போதாது. "பட்டுச்சேலை 1, பருத்தி வேட்டி 2" என்று ஒவ்வொன்றுக்கும் விலையோடு ஆங்கிலத்தில் எழுதி, ரசீது நகலை வெளியே ஒட்டச் சொல்லுங்கள். தோட்ட முகவரிக்கு லாடாங் பெயர், வீட்டு எண், அஞ்சல் குறியீடு 31100, +60 சேர்த்த கைப்பேசி எண் எல்லாம் வேண்டும். எண் இல்லையென்றால் விளக்கம் கேட்க உங்களைக் கூப்பிடவே வழியில்லை. கிராணி ஆபீசில் கடிதம் வந்து கிடப்பது உங்களுக்குத் தெரியும்போது நாட்கள் போயிருக்கும்.

பணத்தை இழக்க வைக்கும் தவறு ஒன்று உண்டு. பார்சலை எதிர்பார்த்திருக்கும் நேரத்தில், "உங்கள் பார்சல் நிறுத்தப்பட்டுள்ளது, சில வெள்ளி கட்டுங்கள்" என்று இணைப்போடு குறுஞ்செய்தி வரும். அந்த இணைப்பைத் தொடாதீர்கள். அனுப்பிய நிறுவனத்தின் பக்கத்தை நீங்களே திறந்து, எண்ணை நீங்களே தட்டிப் பாருங்கள். அங்கே வரி பாக்கி காட்டவில்லை என்றால் குறுஞ்செய்தியை நம்பாதீர்கள். கார்டு விவரம் கொடுத்துவிட்டால் உடனே வங்கியையும் மோசடிப் புகாருக்கான 997 எண்ணையும் அழையுங்கள்.

சரி, நிலை பல நாளாக அசையவில்லை, யாரிடம் கேட்பது? நம் ஊர் தபால் நிலையத்துக் கவுண்டரில் கேட்டுப் பயனில்லை. பார்சல் அவர்கள் கைக்கு இன்னும் வரவில்லை. கூரியர் என்றால் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எண்ணையும் ரசீதையும் அனுப்புங்கள். தபால் என்றால், பட்டுவாடா ஆகும்வரை பார்சல் அனுப்பியவருக்கே சொந்தம். அதனால் சித்தி தான் போட்ட தபால் நிலையத்துக்குப் போய், ரசீதைக் காட்டி விசாரணை மனு கொடுக்க வேண்டும். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போட வேண்டாம்; அதுவரை அந்த ரசீதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.