கண்காட்சியில் வாயால் பேசிய விலையை மின்னஞ்சலில் உறுதிசெய்வது எப்படி?

வணிகக் கண்காட்சி ஸ்டாலில் இருபது நிமிடம் பேசி, ஒரு விலைக்கு வந்து, கைகுலுக்கிப் பிரிகிறீர்கள். வாங்குபவர் நினைவில் இருப்பதும் உங்கள் நினைவில் இருப்பதும் அதே விலைதான். ஆனால் அந்த விலைக்குள் என்னென்ன அடங்கும் என்பதில் இரண்டு பேர் மனதிலும் இரண்டு கணக்கு ஓடும். சரக்கு கிளம்பும் நேரத்தில்தான் அது வெளியே வரும். இதைத் தடுக்க ஒரு பக்க மின்னஞ்சல் போதும். அதை எழுதும் முறையை, சரக்கு விற்பவர் பக்கத்திலிருந்து, ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

நீங்கள் கேன்வாஸ் பை தயாரிப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டிலிருந்து வந்த ஒருவர் மாதிரிப் பையை எடுத்துப் பார்த்தார், பேசினார், போய்விட்டார். உங்களிடம் மிஞ்சியிருப்பது அவருடைய விசிட்டிங் கார்டு. அதன் பின்பக்கத்தில் அவசரமாக நீங்கள் கிறுக்கியது இவ்வளவுதான்:

1.80 / 10 ஆயிரம் – 1.75 / 45 நாள் / 30–70

படி 1: கிறுக்கலை அன்று இரவே விரித்து எழுதுங்கள்

மறுநாள் இன்னும் பத்துப் பேர் வருவார்கள். யாரிடம் எதைச் சொன்னோம் என்பது கலங்கிவிடும். அதனால் அறைக்குத் திரும்பியதும் ஒவ்வொரு எண்ணையும் முழு வாக்கியமாக எழுதுங்கள். எழுதும்போதே பக்கத்தில் மூன்றில் ஒரு குறிப்பு போடுங்கள்: ‘முடிந்தது’, ‘பேசினோம், முடியவில்லை’, ‘பேசவே இல்லை’. இந்த வேலையை மட்டும் சோம்பல் பார்க்காமல் செய்துவிட்டால் மின்னஞ்சல் பாதி எழுதிய மாதிரிதான்.

நம் கார்டை எடுத்துக்கொள்வோம். 1.80 என்பது ஒரு பைக்கு 1.80 அமெரிக்க டாலர். இது முடிந்தது. ஆனால் அச்சு? ஒரு பக்கம், ஒரு நிறம் என்று மாதிரிப் பையைக் காட்டித்தான் விலை சொன்னீர்கள்; அவரோ கடைசியில் ‘எங்கள் லோகோவில் இரண்டு நிறம்’ என்று ஒரு வார்த்தை சொன்னார். விலையைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. ஆக, இரண்டு நிறம் ‘பேசவே இல்லை’.

அடுத்து, அந்த 1.80-இல் சரக்கு எதுவரை போய்ச் சேரும்? ‘எஃப்ஓபி’ என்று நீங்கள் சொன்னதாக நினைவு. எஃப்ஓபி என்றால், குறிப்பிட்ட துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரை செலவும் பொறுப்பும் உங்களுடையவை. கப்பல் கூலியும் காப்பீடும் அவர் பாடு. இதை எழுதும்போது துறைமுகத்தின் பெயரையும், எஃப்ஓபி போன்ற சொற்களுக்குப் பொருள் வகுக்கும் பன்னாட்டு விதிகளின் பதிப்பான ‘இன்கோடெர்ம்ஸ் 2020’ என்பதையும் சேர்க்காமல் விடாதீர்கள். வெறும் ‘எஃப்ஓபி’ பாதி வாக்கியம்தான். (கன்டெய்னரில் போகும் சரக்குக்கு, வாங்குபவர் அமர்த்திய போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைப்பதோடு உங்கள் பொறுப்பு முடியும் எஃப்சிஏ பொருத்தம் என்று இன்கோடெர்ம்ஸ் விதிகளை வெளியிடும் பன்னாட்டு வர்த்தக சபை சொல்கிறது, கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே முனையத்தில் ஒப்படைத்துவிடுகிறோமே, அதனால். ஆனால் பேச்சில் எஃப்ஓபி என்றுதான் முடிந்தது என்றால் மின்னஞ்சலில் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். தனி வரியாகக் கேளுங்கள்.)

‘10 ஆயிரம் – 1.75’ இன்னும் ஆபத்தானது. பத்தாயிரம் பையை ஒரே ஆர்டராகக் கொடுத்தால் 1.75 என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆண்டு முழுவதும் சேர்த்துப் பத்தாயிரம் வாங்கினால் போதும், முதல் ஆயிரத்துக்கும் 1.75தான் என்று அவர் நினைக்கலாம். கார்டைப் பார்த்தால் இரண்டுக்குமே இடம் இருக்கிறது.

45 நாளிலும் அதே சிக்கல். எதிலிருந்து 45 நாள்? கைகுலுக்கிய நாளிலிருந்தா, ஆர்டர் வந்த நாளிலிருந்தா, அட்வான்ஸ் கணக்கில் ஏறிய நாளிலிருந்தா, அச்சு மாதிரிக்கு அவர் ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்தா? லோகோவுக்கு ஒப்புதல் தர அவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டால் அந்தத் தாமதம் யார் தலையில் விழும் என்பதை இந்த ஒரு வரிதான் தீர்மானிக்கும்.

30–70: முப்பது சதவீதம் அட்வான்ஸ், எழுபது பேலன்ஸ். பேலன்ஸ் எப்போது என்பது கார்டில் இல்லை. சரக்கு கிளம்பும் முன்பா, கப்பல் ரசீதின், அதாவது பில் ஆஃப் லேடிங்கின், நகலைக் காட்டியதுமா, அவர் கிடங்கில் இறங்கிய பிறகா? மூன்றுக்கும் நடுவே உங்கள் பணம் பல வாரம் முடங்கிக் கிடக்கலாம்.

படி 2: இந்த மின்னஞ்சல் உங்களைக் கட்டுமா என்று முடிவுசெய்யுங்கள்

புதியவர்கள் இதை யோசிப்பதே இல்லை. நீங்கள் அனுப்புவது வெறும் பேச்சுக் குறிப்பா, அவர் ‘சரி’ என்றதும் இருவரையும் கட்டும் விலை முன்மொழிவா? சொல்லாமல் விட்டால், சட்டம் நாட்டுக்கு நாடு வேறு மாதிரி முடிவெடுக்கும். பன்னாட்டுச் சரக்கு விற்பனை குறித்த 1980-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கைப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதே சமயம், எதிராளி மௌனமாக இருப்பது மட்டுமே சம்மதம் ஆகாது. ஜெர்மனியில் வியாபாரிகளுக்கு இடையே இப்படி ஓர் உறுதிக் கடிதம் வந்து, பெற்றவர் உடனே மறுக்காமல் இருந்தால், அந்த மௌனத்தையே சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியும். அமெரிக்காவில், வியாபாரிகளுக்கு இடையே, நியாயமான காலத்துக்குள் வந்த உறுதிக் கடிதத்தைப் பெற்றவர் 10 நாளுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால், ‘எழுத்தில் எதுவும் இல்லையே’ என்று பிறகு தப்பிக்க முடியாது.

இதனால் உங்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, எந்த நிலையில் இது ஒப்பந்தமாகும் என்று நீங்களே ஒரு வரி எழுதிவிடுவது. மற்றொன்று, எதிர்ப்பக்கத்திலிருந்து இதே மாதிரி கடிதம் உங்களுக்கு வந்தால், தவறு இருப்பது தெரிந்தும் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று போட்டு வைக்காமல் இருப்பது.

படி 3: எழுதுங்கள்

நன்றி, மகிழ்ச்சி எல்லாம் ஒரே வரியில் முடியட்டும். பொருள் வரியில் கண்காட்சி, சரக்கு, தேதி மூன்றும் இருந்தால் ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். முடிந்தவற்றையும் முடியாதவற்றையும் கலக்காதீர்கள். நம் உதாரணத்துக்கு மின்னஞ்சல் இப்படி இருக்கும்:

> பொருள்: கேன்வாஸ் பை – கண்காட்சியில் 12-ஆம் தேதி பேசிய விலையும் நிபந்தனைகளும்
>
> வணக்கம். இன்று எங்கள் ஸ்டாலுக்கு வந்து பேசியதற்கு நன்றி. நாம் ஒத்துக்கொண்டவை கீழே உள்ளன.
>
> சரக்கு: நீங்கள் பார்த்த மாதிரி எண் 4 கேன்வாஸ் பை, ஒரு பக்கம், ஒரு நிற அச்சு.
> அளவும் விலையும்: 5,000 பை, ஒன்றுக்கு 1.80 அமெரிக்க டாலர், எஃப்ஓபி (துறைமுகத்தின் பெயர்), இன்கோடெர்ம்ஸ் 2020. மொத்தம் 9,000 டாலர்.
> பணம்: 30 சதவீதம் (2,700 டாலர்) ஆர்டருடன், மீதி 6,300 டாலர், பில் ஆஃப் லேடிங் நகல் கிடைத்ததும்.
> காலம்: அட்வான்ஸ் வந்தது, அச்சு மாதிரிக்கு உங்கள் ஒப்புதல் வந்தது, இவற்றில் எது பிந்தியதோ அந்த நாளிலிருந்து 45 நாளில் சரக்கு கப்பலில் ஏறும்.
>
> நாம் பேசி இன்னும் முடிவாகாதது: 10,000 பைக்கு 1.75 டாலர் விலை. ஒரே ஆர்டராக, ஒரே தடவையில் அனுப்புவதற்கு என்று நான் புரிந்துகொண்டேன். உங்கள் புரிதலும் அதுதானா?
>
> நாம் பேசாதது: இரண்டு நிற அச்சு. இதற்கான கூடுதல் விலையை, லோகோ கோப்பு கிடைத்த இரண்டு நாளில் தருகிறேன். மேலே உள்ள விலையில் அது சேரவில்லை.
>
> இந்த விலை இம்மாதம் 30 வரை செல்லும். உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரை நாங்கள் எழுத்தில் ஏற்றுக்கொண்ட பிறகே இது ஒப்பந்தமாகும். இதில் ஏதாவது உங்கள் நினைவோடு பொருந்தவில்லை என்றால் அந்த வரியைக் குறிப்பிட்டு 18-ஆம் தேதிக்குள் எழுதுங்கள். சரியென்றால் ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி பதில் போதும்.

5,000 என்ற அளவு, பேலன்ஸ் எப்போது, 45 நாள் எதிலிருந்து என்பவற்றைக் கார்டு சொல்லவில்லை, ஆனால் மின்னஞ்சல் சொல்கிறது. உங்களுக்குத் தெளிவாக நினைவிருந்தால்தான் அவற்றை ‘ஒத்துக்கொண்டவை’ பகுதியில் வைக்கலாம். நினைவில்லை என்றால் கேள்வியாக வையுங்கள். பேசாத ஒன்றைப் பேசியதாக நுழைத்தால் அவர் அதைக் கண்டுபிடிப்பார். பிறகு மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

மொத்தத் தொகையையும் அட்வான்ஸ் தொகையையும் எண்ணாகவே எழுதியதைக் கவனித்தீர்களா? சதவீதத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறவர்கூட 6,300 என்ற எண்ணைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்று படிப்பார்.

வங்கி விவரம் இதில் வேண்டாம். அது, சரக்கு அனுப்பும் முன் நீங்கள் தரும் முன்கூட்டிய பில்லான புரஃபார்மா இன்வாய்ஸில் வரட்டும். மின்னஞ்சலை ஊடுருவி, ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று பொய்க் கடிதம் அனுப்பிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி வெளிநாட்டு வியாபாரத்தில் சகஜம். கணக்கு எண் மாறினால் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுங்கள் என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

படி 4: யாருக்கு அனுப்புவது

கார்டில் உள்ள முகவரிக்குத்தான். ஆனால் பேச வந்தவருக்கு ஆர்டர் போடும் அதிகாரம் இருக்கிறதா என்று தெரியாவிட்டால், ‘ஆர்டருக்கு ஒப்புதல் தருபவரையும் நகலில் சேர்த்துப் பதில் அனுப்ப முடியுமா?’ என்று கேளுங்கள். இது யாரையும் புண்படுத்தாது.

படி 5: பதிலைப் படிப்பது

‘நன்றி, கிடைத்தது’ என்று பதில் வந்தால் அது கிடைத்ததற்கான ரசீதுதான், சம்மதம் இல்லை. ‘விவரங்கள் சரிதானே?’ என்று ஒரு வரி திருப்பிக் கேளுங்கள். 18-ஆம் தேதி வரை சத்தமே இல்லையென்றால் அதே மின்னஞ்சலின் மேல் பதிலாகவே நினைவூட்டல் அனுப்புங்கள். புதிதாகத் தொடங்கினால் பழைய நிபந்தனைகள் கண்ணில் படாமல் போகும்.

‘எல்லாம் சரி, பேலன்ஸ் மட்டும் சரக்கு வந்து 60 நாளில்’ என்று வந்தால்? கேட்க முக்கால் சம்மதம் போலத்தான் இருக்கும். ஐ.நா. உடன்படிக்கைப்படி விலை, பணம் தரும் முறை, அளவு, தரம், ஒப்படைக்கும் இடம், காலம் போன்றவற்றை மாற்றும் பதில் சம்மதம் அல்ல, எதிர் முன்மொழிவு. அதாவது பந்து இப்போது உங்கள் பக்கம். நீங்கள் ஒத்துக்கொள்ளும் வரை ஒப்பந்தம் இல்லை.

கடைசியாக வரும் பர்ச்சேஸ் ஆர்டரையும் மின்னஞ்சலையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். முன்பக்கம் 1.80 என்று சரியாக இருக்கும். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் அவர்கள் எல்லா ஆர்டருக்கும் அச்சிட்டு வைத்திருக்கும் நிபந்தனைகளில் 60 நாள் கடன் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்தும் துணி வெட்ட ஆரம்பித்தால், வேலையைத் தொடங்கியதையே சம்மதமாக அவர்கள் வாதிடலாம். அதனால், ‘பணம் தரும் முறை எங்கள் 12-ஆம் தேதி மின்னஞ்சலில் உள்ளபடியே இருக்க வேண்டும், திருத்திய ஆர்டர் வந்ததும் வேலையைத் தொடங்குகிறோம்’ என்று அன்றே எழுதிவிட்டு, திருத்திய ஆர்டர் கைக்கு வரும் வரை துணியை வெட்டாதீர்கள்.