காலையில் நின்ற களிமண் சுவர் மாலையில் ஏன் சரிகிறது?

குழாய் பதிக்க 3 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டியாயிற்று. ஜேசிபி வெட்டிய களிமண் சுவர், கத்தியால் அறுத்ததுபோல் செங்குத்தாக நிற்கிறது. மண் பரிசோதனையில் வெட்டு வலிமை (c) 25 கிலோபாஸ்கல், எடை (γ) கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன். முட்டு இல்லாமல் சுவர் நிற்கக்கூடிய உயரம் H = 4c/γ என்று போட்டால் 5.6 மீட்டர் வருகிறது. அப்புறம் எதற்கு முட்டுப்பலகை என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்தச் சூத்திரம் விரிசலே இல்லாத மண்ணுக்கானது. சுவரின் மேல்பகுதி பள்ளத்தின் பக்கம் நகரப் பார்க்கும். களிமண் இழுப்பைத் தாங்காது, பிளந்துவிடும். பிளவு சுவரின் பாதி ஆழம் வரை இறங்கும் என்று மண் பொறியியல் அறிஞர் டெர்சாகி எடுத்துக்கொண்டார். அப்படியானால் H = 2.67c/γ, அதாவது 3.7 மீட்டர். அந்தப் பிளவில் மழைநீரோ குழாய்க் கசிவோ நிரம்பினால், தண்ணீரே மண்ணைப் பள்ளத்துக்குள் தள்ளும். கணக்கு 3.1 மீட்டருக்கு இறங்கிவிடும். நம் பள்ளமோ 3 மீட்டர்.

இதைவிடப் பெரிய தவறு, 25 என்ற எண் அப்படியே இருக்கும் என்று நம்புவது. வெட்டியதும் பக்கத்து அழுத்தம் போய்விடுவதால் மண்ணுக்குள் இருக்கும் நீரில் உறிஞ்சுவிசை உண்டாகிறது. அதுதான் துகள்களை இறுக்கிப் பிடித்துச் சுவரை நிறுத்தி வைக்கிறது. ஆனால் அதே விசை சுற்றிலும் உள்ள நீரை உள்ளே இழுக்கும். மண் மெல்ல உப்பி இளகும். பிளவில்லாத களிமண்ணில் இதற்கு நாட்கள், வாரங்கள்கூட ஆகலாம். நுண்பிளவோ மெல்லிய மணல் அடுக்கோ இருந்தால் சில மணி நேரம் போதும். வலிமை 15 ஆகக் குறைந்தால், பிளவில் ஒரு சொட்டு நீர் இல்லாமலேயே 2.2 மீட்டர்தான் நிற்கும். அதனால் 'காலையிலிருந்து நிற்கிறதே' என்பது எதற்கும் சான்று இல்லை. கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் இன்னும் கவனம் வேண்டும். பரிசோதனைக்குப் போன சின்னத் துண்டு பெரும்பாலும் வெடிப்புகளுக்கு இடையில் எடுத்தது. அதன் வலிமை முழுச் சுவரின் வலிமை ஆகாது.

தோண்டிய மண்ணை விளிம்பில் குவிப்பதும் தவறுதான். அது பாரத்தை ஏற்றுவதோடு பிளவையும் மறைத்துவிடும். பிளவு பெரும்பாலும் ஆழத்தில் பாதி முதல் முக்கால் பங்கு தூரத்தில் திறக்கும். இங்கே அது விளிம்பிலிருந்து 1.5 முதல் 2.25 மீட்டர். அந்தப் பட்டையைக் காலியாக வைத்து, தினமும் காலையிலும் மழை விட்டதும் நடந்து பாருங்கள். பள்ளத்துக்கு இணையாக மயிரிழைக் கோடு தெரிந்தாலோ, அடிச்சுவர் பிதுங்கினாலோ முதலில் ஆட்களை மேலே ஏற்றுங்கள்.

முட்டுக் கொடுக்கவும் ஆளை முதலில் இறக்காதீர்கள். பெட்டி அடைப்பை மேலிருந்தே இறக்கலாம். இடம் இருந்தால் சுவரைச் சரிவாக வெட்டலாம். ஒரு கன மீட்டர் களிமண் சுமார் 1.8 டன், இடுப்பளவு புதைந்தவரைக்கூடக் கையால் இழுத்து எடுக்க முடியாது. அவரைக் காப்பாற்றக் குதிப்பவரின் தலைக்கு மேலே, எதிர்ச்சுவரும் அதே மண்ணில், அதே நேரத்தில் வெட்டியதுதான்.