பிறந்த தேதிக் கட்டத்தில் வெறும் கட்டங்களைப் பார்த்துப் பயப்படும் முன்

சென்ற மாதம் தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டுக் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தெரிந்த தங்கை ஒருத்தி கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டினாள். மகனுடைய பிறந்த தேதியை வைத்து எண் ஜோதிடத்தில் பலன் பார்க்கும் கட்டம். "அக்கா, இவனுக்கு ஞாபக அம்பே இல்லையாம். எவ்வளவு படித்தாலும் மண்டையில் தங்காது என்று பார்த்தவர் சொல்லிவிட்டார். இந்த வருஷம் பிஎஸ்எல்இ பரீட்சை வேறு." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பதினைந்து வருஷமாக இந்தக் கட்டத்தைப் போட்டுப் பார்க்கிறேன். இதில் எனக்குப் பிரியம் உண்டு. அதனால்தான் அன்று எனக்கு வருத்தமாக இருந்தது. அவள் மகன் பிறந்தது 21-10-2014. தேதியில் உள்ள எண்கள் 2, 1, 1, 0, 2, 0, 1, 4. பூஜ்யத்துக்குக் கட்டம் கிடையாது, அதை விட்டுவிட வேண்டும். மீதி எண்களை அதனதன் இடத்தில் எழுத வேண்டும். பித்தாகரஸ் பெயரால் வழங்கும் கட்டத்தில் இடங்கள் இப்படி இருக்கும்:

```
3 6 9
2 5 8
1 4 7
```

பையனுக்கு 1 மூன்று முறை, 2 இரண்டு முறை, 4 ஒரு முறை. மற்ற ஆறு கட்டங்களும் வெறுமை. நேராகவோ குறுக்காகவோ மூன்று கட்டங்கள் சேர்ந்து நிறைந்திருந்தாலும் சரி, சேர்ந்து வெறுமையாக இருந்தாலும் சரி, அதை அம்பு என்கிறோம். மேல் வரிசை 3-6-9 வெறுமை என்றால் ஞாபகக் குறைவு என்பது இந்த முறையில் வழக்கமாகச் சொல்லும் பலன். 7-8-9 வெறுமை தயக்கம். 3-5-7 வெறுமை எதையும் சந்தேகப்படும் குணம். மூன்றுமே இவனுக்கு இருக்கின்றன. பார்த்தவர் கட்டத்தைத் தப்பாகப் போடவில்லை, படித்த விதம்தான் தப்பு.

நான் அடிக்கடி பார்க்கும் முதல் தவறு, ஆண்டு கொடுத்த எண்ணைப் பிள்ளையின் குணமாகப் படிப்பது. 1900 முதல் 1999 வரை பிறந்த எல்லோருக்கும் ஆண்டிலேயே 1-ம் 9-ம் வந்துவிடும். அதனால் அந்த நூறு ஆண்டுகளில் பிறந்த ஒருவருக்குக்கூட 3-6-9 வெறுமையாக இருக்க முடியாது. 2000-க்கு அப்புறம் பிறந்தவர்களுக்கு 2 மட்டும்தான் இலவசமாகக் கிடைக்கிறது. 9 வேண்டும் என்றால் நாளிலோ மாதத்திலோ ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களிலோ அது இருந்தாக வேண்டும்.

2014-ஐ மட்டும் எடுத்து நாட்காட்டியை வைத்து எண்ணிப் பார்த்தேன். மாதத்தில் 3, 6, 9 இல்லாமல் ஒன்பது மாதங்கள். ஒவ்வொரு மாதத்திலும் இந்த மூன்று எண்களும் இல்லாத தேதிகள் இருபது. ஆக 180 நாள். ஆண்டில் பாதி! இவனுடைய வகுப்பில் 2014-இல் பிறந்த பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதே ஞாபக அம்பு வெறுமையாகத்தான் இருக்கும். ஒரே வகுப்பில் பாதிப் பேருக்கு இருப்பதை வைத்து ஒரு பையனைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

நிறைந்த அம்புக்கும் இதே கணக்குதான். இந்தத் தங்கை பிறந்தது 1987. உனக்குச் செயல் அம்பு 7-8-9 முழுசாக இருக்கிறது, மகனுக்கு அது நேர்மாறாக வெறுமை என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். 1987 என்று எழுதினாலே 7, 8, 9 மூன்றும் வந்துவிடுகின்றனவே! அந்த ஆண்டு பிறந்த எல்லோருக்கும் அந்த அம்பு உண்டு. 1978-இல் பிறந்தவர்களுக்கும் அப்படித்தான். 1950-களில் பிறந்த அத்தனை பேருக்கும் 1-5-9, அதாவது மன உறுதி அம்பு, நிறைந்திருக்கும். தாத்தாவுக்கு இருந்த உறுதி பேரனுக்கு இல்லை என்று கட்டத்தைக் காட்டிச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

இரண்டாவது தவறு, ஒரு முறையில் கட்டம் போட்டு இன்னொரு முறையில் பலன் படிப்பது. சிங்கப்பூரில் இது சுலபமாக நடந்துவிடும், ஏனென்றால் சீனர்களுடைய லோ ஷூ கட்டமும் நம்மிடையே நன்றாகப் பழகிப்போன ஒன்று. அதில் எண்கள் உட்காரும் இடம் வேறு:

```
4 9 2
3 5 7
8 1 6
```

எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வரும். இரண்டு கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் 5 வழியாகப் போகும் நான்கு வரிகளும், அதாவது 1-5-9, 3-5-7, 4-5-6, 2-5-8, இரண்டிலும் ஒன்றுதான். ஓரத்து நான்கு வரிகள்தான் முழுக்க வேறு. 3-6-9 என்ற வரியே லோ ஷூவில் இல்லை. அங்கே மனசுக்கு உரிய மேல் வரிசை 4-9-2. நம் பையனுக்கு அதில் 4-ம் 2-ம் இருக்கின்றன, 9 மட்டும்தான் இல்லை. அந்தக் கட்டத்தில் அவனுக்கு முழு வெறுமையான அம்பு 3-5-7 ஒன்றுதான்.

இதோடு முடியவில்லை. நம் ஊர்ப் பக்கத்து எண் கணிதக்காரர்கள் பலர் பிறவி எண்ணையும் விதி எண்ணையும் கட்டத்தில் சேர்த்து எழுதுவார்கள். 21-ஐக் கூட்டினால் பிறவி எண் 3. முழுத் தேதியைக் கூட்டினால் 11, அதையும் கூட்டினால் விதி எண் 2. இந்த 3 உள்ளே வந்ததும் ஞாபக அம்பின் வெறுமை போய்விடுகிறது, 3-5-7-இன் வெறுமையும் போய்விடுகிறது. பித்தாகரஸ் கட்டத்தில் 7-8-9 மட்டும் மிஞ்சும். லோ ஷூவில் ஒன்றுகூட மிஞ்சாது. ஒரே பையன், ஒரே தேதி, முறையைப் பொறுத்து வெறுமையான அம்பு மூன்று, ஒன்று, அல்லது எதுவுமே இல்லை. ஆகவே யாராவது பலன் சொன்னால், எந்தக் கட்டம், பிறவி எண்ணைச் சேர்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர் பலனும் சொல்லக்கூடாது.

தேதியிலும் ஒரு சின்ன விஷயம். விடியற்காலை நான்கு மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு ஜாதகத்தில் முந்தைய நாளின் கிழமை எழுதியிருக்கலாம், பஞ்சாங்கத்தில் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். கட்டத்துக்கு அது வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் ஆங்கிலத் தேதியைத்தான் எடுக்க வேண்டும்.

அன்று அவளிடம் சிவப்புப் பேனாவும் நீலப் பேனாவும் கேட்டு வாங்கினேன். ஆண்டின் எண்களைச் சிவப்பில் எழுதினேன்: 2, 1, 4. நாள், மாதத்தின் எண்களை நீலத்தில்: 2, 1, 1. சிவப்பு நிறைத்த அதே கட்டங்களில்தான் நீலமும் போய் உட்கார்ந்தது, புதிதாக ஒரு கட்டம்கூட நிறையவில்லை. "அப்படியென்றால் அந்த வெறுமையைப் பற்றி என்ன சொல்வது?" என்று கேட்டாள். அதை வைத்து அவன் ஞாபகத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, எண்கள் ஞாபகத்தைத் தீர்மானிக்கும் என்பதற்கு ஆதாரமும் கிடையாது என்றேன். உண்மையிலேயே மறக்கிறானா என்று தெரிய வேண்டுமானால் அவனுடைய ஆசிரியரைப் போய்ப் பார், மகனிடம் இந்த அம்பைப் பற்றி வாயைத் திறக்காதே என்றும் சொன்னேன். "நேற்றே சொல்லிவிட்டேனே அக்கா," என்றாள். சரி, வீட்டுக்குப் போனதும் அவனிடம் இந்தத் தாளைக் காட்டி, 180 நாளையும் அவனையே எண்ணச் சொல் என்று தாளை மடித்து அவள் பையில் வைத்தேன்.