இரண்டு ஃப்ளோட், ஒரு ரிலே: மேல் தொட்டி மோட்டாருக்குத் தானியங்கி சுவிட்ச்

பெங்களூரில் பெரும்பாலான வீடுகளில் அமைப்பு ஒன்றுதான். கீழே சம்ப், மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி, நடுவில் மோட்டார், அதைப் போட்டுவிட்டு மறந்துபோகும் யாரோ ஒருவர். அந்த ஒருவரின் வேலையை ஒரு 12 வோல்ட் ரிலேயிடம் கொடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

ஒரே ஒரு ஃப்ளோட் சுவிட்சை மேலே வைத்தால் போதாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டியில் ஒரு செ.மீ. உயரம் சுமார் 10 லிட்டர், மோட்டார் நிமிடத்துக்கு 30 லிட்டர் ஏற்றுகிறது, குழாய் திறந்திருந்தால் 10 லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஃப்ளோட் ஆன் ஆவதற்கும் ஆஃப் ஆவதற்கும் 2 செ.மீ.தான் வித்தியாசம், அதாவது 20 லிட்டர். ஒரு நிமிடம் ஓடும், இரண்டு நிமிடம் நிற்கும், மறுபடி ஓடும். மணிக்கு இருபது ஸ்டார்ட்! ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், சீக்கிரமே வைண்டிங் சூடாகி கெப்பாசிட்டர் போய்விடும். இதே இடைவெளி 60 செ.மீ. என்றால் அரை மணி நேரம் ஓடி ஒரு மணி நேரம் நிற்கும், அதுவும் குழாயை மூடவே இல்லை என்றால்தான்.

அதனால் இரண்டு ஃப்ளோட். அடியிலிருந்து 30 செ.மீ.யில் ஒன்று, 90 செ.மீ.யில் ஒன்று (ஓவர்ஃப்ளோ குழாய் இதற்கு மேலே இருக்க வேண்டும்). கீழ் ஃப்ளோட்டை இன்னும் இறக்கலாம்தான், ஆனால் கரண்ட் போகும் நாளில் அந்த 300 லிட்டர் கையில் இருப்பது நல்லது.

இப்போது ஒரு சிக்கல். தண்ணீர் நடுவில் நிற்கும்போது மோட்டார் ஓட வேண்டுமா, கூடாதா? இரண்டு ஃப்ளோட்டும் சேர்ந்தாலும் பதில் சொல்லாது, ஏனென்றால் நிரம்பிக்கொண்டு வந்தாலும் காலியாகிக்கொண்டு வந்தாலும் நடுவில் அவற்றின் நிலை ஒன்றேதான். கடைசியாக எந்த ஃப்ளோட் பேசியது என்பதை யாராவது நினைவில் வைக்க வேண்டும். அதுதான் லாட்ச்.

எஸ்பி ரோடில் இவற்றை வாங்குங்கள்: இரண்டு ரீட் ஃப்ளோட், இரண்டு செட் காண்டாக்ட் உள்ள 12 வோல்ட் ரிலே, 12 வோல்ட் அடாப்டர், ஒரு 1N4007 டயோடு. முதலில் மீட்டரைப் பீப்பில் வைத்து ஃப்ளோட்டைச் சோதியுங்கள். மிதவை தொங்கும்போது பீப் வர வேண்டும், தூக்கினால் நிற்க வேண்டும். மாறி இருந்தால் கிளிப்பைக் கழற்றி மிதவையைத் தலைகீழாகப் போடுங்கள்.

வயரிங் ஒரே வரிசை. அடாப்டர் பிளஸ்ஸிலிருந்து மேல் ஃப்ளோட், அதிலிருந்து கீழ் ஃப்ளோட், அதிலிருந்து ரிலே காயில், அப்புறம் மைனஸ். கீழ் ஃப்ளோட்டின் இரு முனைகளுக்கும் குறுக்கே ரிலேயின் ஒரு செட் காண்டாக்டை, காயில் இழுத்தால் மூடும் பக்கத்தை, இணையுங்கள். லாட்ச் முடிந்தது. ரிலே ஒருமுறை இழுத்துவிட்டால் தன் காண்டாக்ட் வழியாகத் தனக்கே கரண்ட் கொடுத்துக்கொள்ளும், பிறகு கீழ் ஃப்ளோட் திறந்தாலும் கவலையில்லை. மேல் ஃப்ளோட் திறந்தால் மட்டும் விடும். வயர் அறுந்தாலும் மோட்டார் நின்றுதான் போகும். காயிலுக்குக் குறுக்கே டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். இல்லாவிட்டால் காயில் அணையும்போது வரும் பொறி ரீடின் காண்டாக்டைக் கெடுத்துவிடும்.

மாடிக்குப் போகும் முன் மேஜையிலேயே பாருங்கள். இரண்டும் தொங்கட்டும்: க்ளிக், ரிலே இழுக்கும். கீழ் மிதவையைத் தூக்குங்கள், விடக்கூடாது. மேல் மிதவையையும் தூக்குங்கள், விட வேண்டும். இனி மேல் மிதவையை இறக்கினாலும் ரிலே சும்மா இருக்க வேண்டும், கீழதும் இறங்கினால்தான் மறுபடி க்ளிக்.

இரண்டாவது செட் காண்டாக்ட் மோட்டாரை நேரடியாக ஓட்டக் கூடாது, மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலேயான காண்டாக்டரின் காயிலை மட்டும் ஓட்டட்டும். இந்த 230 வோல்ட் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். தொட்டிக்குப் போவது 12 வோல்ட் மட்டும்தான்.

பாதி நிரம்பும்போது கரண்ட் போனால் ரிலே மறந்துவிடும், கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடாது, தண்ணீர் கீழ் ஃப்ளோட்டுக்கு இறங்கும்வரை காத்திருக்கும். காத்திருக்கப் பிடிக்காதவர்கள் கீழ் ஃப்ளோட்டுக்குக் குறுக்கே ஒரு புஷ் பட்டன் போட்டுக்கொள்ளலாம்.

ரிலே அடிக்கடி க்ளிக் அடித்தால் எந்த மட்டத்தில் அடிக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் மேல் ஃப்ளோட் அருகில் என்றால் கீழ் ஃப்ளோட் தொங்கிய நிலையிலேயே சிக்கிவிட்டது, பெரும்பாலும் பாசிதான் காரணம். கீழ் ஃப்ளோட் அருகில் என்றால் லாட்ச் காண்டாக்ட் பிடிக்கவில்லை. க்ளிக்கே இல்லாமல் தொட்டி வழிந்தால் மேல் ஃப்ளோட்டைக் கழுவுங்கள்.

ஒரு குறை மிச்சம் இருக்கிறது: சம்ப் காலியானது இந்த சர்க்யூட்டுக்குத் தெரியாது, மோட்டார் வெறுமனே ஓடி சீலைக் கருக்கிவிடும். காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் ஏரியாவில் இது நடக்கக்கூடியதுதான். சம்ப்பில் மூன்றாவது ஃப்ளோட் ஒன்றை, இது தண்ணீர் இருந்தால் மூடும் வகையாக, மேல் ஃப்ளோட்டோடு வரிசையில் சேர்த்துவிடுங்கள்.